இரண்டு பேர் வீட்டுக்கு எத்தனை ஆழாக்கு?

கெலமங்கலத்தில் இருக்கும் அம்மா வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால், முன்பெல்லாம் பால் பாக்கெட் கண்ணுக்கே தெரியாது. அதை மறைத்துக்கொண்டு கிண்ணங்கள் நிற்கும். நேற்று வைத்த சாம்பார், முந்தாநாள் ரசம், என்றைக்கு அரைத்தது என்று அம்மாவுக்கே நினைவில்லாத தேங்காய்ச் சட்னி, மூடி போட்ட பாத்திரத்தில் சோறு. “இதெல்லாம் யாரும்மா சாப்பிடுறது?” என்று கேட்டால், “உங்கப்பா சாப்பிட்டுடுவாரு” என்று பதில் வரும்.

அப்பாவும் சாப்பிட்டுத்தான் வந்தார். ஓசூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வந்து எட்டு வருஷம் ஆகிறது. சாப்பாட்டைக் கொட்டினால் மனசு தாங்காது. அதனால் மதியம் மீந்தது ராத்திரிக்கு, ராத்திரி மீந்தது காலைக்கு என்று அவர் வயிறே மீதி போடும் இடமாகிவிட்டது. போன வருஷம் ஒரு நாள், இரண்டு நாள் பழைய சோற்றைத் தாளித்து எலுமிச்சை சாதமாக்கிச் சாப்பிட்டவர், நடுராத்திரி வாந்தி எடுக்க ஆரம்பித்து, விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருந்தார். “கடைசியா என்ன சாப்பிட்டீங்க?” என்பதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி.

நான் பெங்களூரிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “நான் என்ன பண்ணட்டும்? எனக்கு அஞ்சு பேருக்கு ஆக்கித்தான் பழக்கம். ரெண்டு பேருக்கு ஆக்கினா ருசி வர மாட்டேங்குது. ஒண்ணு கரிக்குது, இல்ல அடிபிடிக்குது.”

அம்மா சாக்குச் சொல்லவில்லை. சமையல் குறிப்பை நான்கால் வகுத்தால் இரண்டு பேருக்கான சமையல் வந்துவிடாது. ஏன் வராது, எதை வகுக்கலாம், எதை வகுக்கக் கூடாது என்பதை அடுத்த இரண்டு மாதம் மூன்று பேரும் சேர்ந்து கண்டுபிடித்தோம். பிள்ளைகள் வெளியூர் போய், வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சியிருக்கும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு உதவும்.

முதலில் ஒரு வாரம் எழுதிப் பார்த்தோம்

கொட்டுவதை எழுதி வைக்கலாம் என்றவர் அப்பா. தரக்கட்டுப்பாட்டுப் பழக்கம். பழைய டைரி ஒன்றை எடுத்து, தினமும் என்ன மீந்தது, அது எங்கே போனது என்று எழுதினார். ஒரு வாரம் முடிந்ததும் பார்த்தால், நாங்கள் நினைத்தது வேறு, இருந்தது வேறு. காய்கறிதான் அதிகம் வீணாகிறது என்று அம்மா நினைத்திருந்தார். டைரியில் முதலிடம் சோற்றுக்கு. அடுத்து சாம்பார், அப்புறம் சட்னி, கடைசியில் புளித்துப்போன இட்லி மாவு. காய்கறி அதற்கும் பின்னால்தான்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், இந்திய வீடுகளில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு சுமார் 55 கிலோ உணவு வீணாகிறது என்று மதிப்பிட்டிருந்தார்கள். தோல், கொட்டை எல்லாம் சேர்த்து. நாளுக்குப் பார்த்தால் ஓர் ஆளுக்கு 150 கிராம். படிக்கும்போது பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் மீந்த சோற்றை மட்டும் ஒரு நாள் தராசில் வைத்தபோது அரைக்கிலோவைத் தாண்டியது.

காரணம் எளிது. அம்மா அப்போதும் 2 கப் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். (இந்தக் கட்டுரையில் கப் என்றால் 200 மில்லி.) 2 கப் அரிசி ஏறக்குறைய 330 கிராம். வெந்தால் எடை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். அதாவது ஒரு கிலோவை நெருங்கும் சோறு. வயதான இரண்டு பேர், அதிலும் ஒருவர் சர்க்கரைக்காரர், ஒரு வேளைக்கு அதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சாப்பிட முடியாது.

பாட்டி வீட்டிலிருந்து வந்த ஆழாக்கு ஒன்று பரணில் கிடந்தது. எட்டு ஆழாக்கு ஒரு படி. பழைய சென்னைப் படிக் கணக்கில் ஓர் ஆழாக்கு 168 மில்லி. அரிசி போட்டால் சுமார் 140 கிராம். அதில் தலை தட்டாமல், விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிறுத்தினால் ஏறக்குறைய 125 கிராம். இரண்டு பேருக்கு மதியச் சோற்றுக்கு அது போதும். வெந்தால் 350 கிராமுக்குப் பக்கத்தில் வரும். அரிசி டப்பாவில் இருந்த பெரிய டம்ளரை எடுத்துவிட்டு, அந்த ஆழாக்கைப் போட்டோம். கண்ணளவுக்குப் பழகிய கைக்குப் புத்தி சொல்வதைவிட, அளவுப் பாத்திரத்தை மாற்றுவது சுலபம்.

வகுத்தால் ஏன் ருசி மாறுகிறது?

சோறு சரியானது. சாம்பார் சரியாகவில்லை. பழைய அளவில் நாலில் ஒரு பங்கு எடுத்து அம்மா செய்து பார்த்தார். கெட்டியாகி, உப்புக் கரித்து, புளி தூக்கலாக நின்றது.

அப்பா ஒரு சோதனை செய்தார். அம்மா சாம்பார் வைக்கும் அதே அகன்ற பாத்திரத்தில் 6 கப் தண்ணீர் ஊற்றி, கொதி வந்த பிறகு 10 நிமிடம் விட்டு அளந்தார். ஏறக்குறைய 1 கப் குறைந்திருந்தது. அதே பாத்திரம், அதே தீ, 2 கப் தண்ணீர். பத்து நிமிடம் கழித்து அளந்தால், அப்போதும் ஏறக்குறைய 1 கப் குறைந்திருந்தது.

விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஆவியாகும் தண்ணீரின் அளவு, பாத்திரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. அடியில் எரியும் தீயையும் பாத்திரத்தின் வாயையும் பொறுத்தது. ஆறு கப்பில் ஒரு கப் போனால் குழம்பு லேசாகச் சுண்டும், ருசியும் கூடும். இரண்டு கப்பில் ஒரு கப் போனால் பாதி காலி. உப்பும் புளியும் காரமும் மட்டும் அப்படியே நிற்கும். அதனால்தான் கரிக்கிறது. அதனால்தான் அடிபிடிக்கிறது.

இதைப் புரிந்துகொண்டபின் எங்களுக்குக் கிடைத்த விதிகள் இவை.

பருப்பு, காய், புளி, உப்பு, பொடி ஆகியவற்றை நேராக வகுக்கலாம். தண்ணீரை நேராக வகுக்கக் கூடாது. வகுத்து வருவதோடு கூட அரைக் கப்பாவது வேண்டும். தாளிக்கும் எண்ணெயையும் அப்படியே வகுக்க முடியாது. கரண்டியின் அடியை எண்ணெய் மூடவில்லை என்றால் கடுகு வெடிக்காமல் கருகும். அதற்குப் பரிகாரம் எண்ணெயைக் கூட்டுவதல்ல, வாணலியை விட்டுவிட்டுச் சின்னத் தாளிப்புக் கரண்டியை எடுப்பது. கடைசியாக நேரம். பருப்பு வேகும் நேரம் குறையாது. ஒரு பிடி பருப்பும் ஒரு படி பருப்பும் ஒரே நேரத்தில்தான் குழையும். குழம்பு கொதிக்கும் நேரம் மட்டும் குறையும்.

மூடி வைத்துச் சமைப்பதற்கு இந்தத் தொல்லையே கிடையாது. குக்கருக்குள் கிண்ணம் வைத்து வேகவிடும்போது கிண்ணத்துத் தண்ணீர் வெளியே போவதில்லை. 3 கப்புக்கு என்ன விகிதமோ, அரைக் கப்புக்கும் அதே விகிதம். இரண்டு பேர் வீட்டுக்கு அடுக்குக் கிண்ணம் வைத்த குக்கர்தான் கைகொடுக்கும் என்பது இதனால்தான். ஒன்றில் அரிசி, ஒன்றில் அரை மணி நேரம் ஊறிய பருப்பு, மேலே நறுக்கிய காய். ஒரே தீயில் மூன்றும் வெந்துவிடும். ஆனால் குக்கரின் அடியில் ஊற்றும் தண்ணீரைக் குறைத்துவிடாதீர்கள். அது சோற்றுக்கான தண்ணீர் அல்ல, ஆவிக்கான தண்ணீர். உள்ளே ஒரு பிடி வெந்தாலும் அது ஒன்றுதான். எங்கள் 3 லிட்டர் குக்கருக்கு ஒன்றரைக் கப். உங்கள் குக்கரின் கையேட்டில் குறைந்தபட்ச அளவு இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் சாம்பார்

அம்மாவின் பழைய அளவு: துவரம் பருப்பு 1 கப், காய் அரைக்கிலோ, பெரிய எலுமிச்சை அளவு புளி, சாம்பார்ப் பொடி 3 டீஸ்பூன், உப்பு 3 டீஸ்பூன், தண்ணீர் 6 கப்.

இப்போதைய அளவு: பருப்பு கால் கப், காய் 125 கிராம், சின்ன நெல்லிக்காயில் பாதி அளவு புளி, பொடி முக்கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூனில் தொடங்கி இறக்கும் முன் பார்த்துக் கூட்டுவது. தண்ணீர், பருப்பு வேகவைக்க முக்கால் கப்பும் புளி கரைக்கவும் காய்க்குமாக ஒன்றே கால் கப்பும், ஆக மொத்தம் 2 கப்.

பருப்பைக் கிண்ணத்தில் குக்கரில் குழைய வேகவிடுங்கள். ஒரு சாண் அகலத்துக்குமேல் வாய் இல்லாத சின்னப் பாத்திரத்தில் காயை அரைக் கப் தண்ணீரும் சிட்டிகை மஞ்சளுமாக மூடி வைத்து முக்கால் பதம் வேகவிடுங்கள். மீதி முக்கால் கப்பில் கரைத்த புளியையும், பொடியையும், உப்பையும் சேர்த்து, மூடியை லேசாகத் திறந்து வைத்து, மிதமான தீயில் 5 நிமிடம். பழைய அளவுக்கு 12 நிமிடம் விட்ட பழக்கத்தில் விட்டால் கதை கெடும். புளியின் பச்சை வாசனை போய்விட்டதா என்று நிமிடம் பார்க்காமல் மூக்கால் பாருங்கள். வாசனை போவதற்குள் தண்ணீர் வற்றினால் கால் கப் வெந்நீர் ஊற்றுங்கள்; பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி நேரம் இழுக்கும். மசித்த பருப்பைச் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஒன்றரை டீஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டினால் முடிந்தது.

இரண்டு பேருக்கு மதியத்துக்குத் தாராளம். ராத்திரி தோசைக்கு ஆளுக்கு ஒரு கரண்டி மிஞ்சும். மறுநாளைக்கு எதுவும் இருக்காது.

“இவ்ளோ பருப்புக்காக ஒரு தரம் குக்கர் வைக்கணுமா?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு வழி, அரைக் கப் பருப்பாக வேகவைத்து, புளியும் உப்பும் படுவதற்கு முன்பே பாதியை எடுத்து மூடிய டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது. மறுநாள் அது ரசமாகும், அல்லது முட்டைக்கோஸ் கூட்டாகும். மீந்த சாம்பாரை மறுநாள் சாப்பிடுவதும், எடுத்து வைத்த பருப்பில் மறுநாள் புதிதாக ரசம் வைப்பதும் ஒன்றல்ல. முன்னது மிச்சம், பின்னது சமையல்.

ஊர்ச் சமையலிலேயே இருக்கிறது விடை

கெலமங்கலம் பக்கம் ஒரே தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் கேட்கும். நாம் களி என்பதைப் பக்கத்து வீட்டில் முத்தே என்பார்கள், அதற்கடுத்த வீட்டில் சங்கட்டி என்பார்கள். இந்தக் கலவையில் இரண்டு பேர் வீட்டுக்கென்றே செய்த மாதிரி ஒரு சமையல் இருக்கிறது. கன்னடக்காரர்களின் பஸ்ஸாரு. ‘வடித்த சாறு’ என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ஒரே பாத்திரத்தில் பருப்பும் கீரையும் வேகும். வடித்த தண்ணீர் குழம்பாகும், வடிகட்டிய பருப்புக்கீரை பொரியலாகும். இரண்டு பேருக்கு இரண்டு ஐட்டம், மிச்சம் கிடையாது.

கால் கப் துவரம் பருப்பை அரை மணி ஊறவைத்து, 3 கப் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவிடுங்கள். குக்கர் வேண்டாம், பருப்பு விரலில் நசுங்க வேண்டும், ஆனால் உருவம் கலையக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் ஒரு சின்னக் கட்டு கீரை, ஆய்ந்து நறுக்கினால் 200 கிராம் வரும், அதைப் போட்டு 5 நிமிடம். பிறகு வடிகட்டுங்கள். 2 கப் அளவு தண்ணீர் கிடைக்கும். குறைந்தால் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு மேசைக்கரண்டி தேங்காய், மூன்று சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, அரை டீஸ்பூன் சீரகம், கொஞ்சம் மிளகு, ஒரு டீஸ்பூன் மிளகாய் மல்லிப் பொடி, துளி புளி, வெந்த பருப்பில் ஒரு கரண்டி. இவற்றை மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்து, வடித்த தண்ணீரில் கலந்து உப்புப் போட்டு 5 நிமிடம் கொதிக்கவிட்டால் சாறு தயார். பருப்புக்கீரைக்குக் கடுகு, வரமிளகாய், வெங்காயம் தாளித்து, உப்பும் தேங்காயும் தூவிப் புரட்டினால் பல்யா. அவரைக்காய் சீசனில் கீரைக்குப் பதில் பச்சை அவரைக்கொட்டை போடலாம். கொள்ளிலும் இதே முறைதான். ஆனால் அது ராத்திரியே ஊற வேண்டும்.

இதற்குத் துணை களி. களியும் அளவு குறைந்தால் சண்டித்தனம் பண்ணும். அகன்ற பாத்திரத்தில் கொஞ்சம் தண்ணீர் வைத்தால் மாவு குவியாமல் பரவி, அடி தீய்ந்து, மேல் மாவு வேகாமல் நிற்கும். உயரமான, அடி கனத்த சின்னப் பாத்திரம் வேண்டும். முக்கால் கப் கேழ்வரகு மாவுக்கு ஒன்றே முக்கால் கப் தண்ணீர். ஒன்றரை என்பதுதான் கணக்கு. கால் கப் ஆவிக்கு. ஒரு டீஸ்பூன் மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து முதலிலேயே ஊற்றிவிட்டால் பிறகு கட்டி விழாது. நன்றாகக் கொதித்ததும் மாவை நடுவில் குவித்துக் கொட்டி, கிளறாமல், துடுப்பால் நடுவே ஒரு துளை மட்டும் போட்டு, தீயைக் குறைத்து 4 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு பாத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிளற வேண்டும். தண்ணீர் தொட்ட விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. உள்ளே வெள்ளையாக மாவுப் புள்ளி தெரிந்தால் இன்னும் வேகவில்லை. ஒரு கரண்டி வெந்நீர் தெளித்து இன்னும் 2 நிமிடம் மூடினால் சரியாகும். இரண்டு நடுத்தர உருண்டை வரும்.

மாவும் சட்னியும்

இட்லி மாவில் ஒரு எல்லை உண்டு. கிரைண்டரில் ஒரு கப் அரிசி போட்டால் கல் பிடிக்காது. உளுந்து சுவரில் ஒட்டிக்கொண்டு பொங்காமல் நிற்கும். எங்கள் 2 லிட்டர் கிரைண்டரில் ஒழுங்காக அரைபடும் குறைந்த அளவு, 2 கப் இட்லி அரிசிக்கு அரைக் கப் உளுந்து. சுமார் 30 இட்லிக்கான மாவு. அதை ஒரே பாத்திரத்தில் புளிக்கவைத்தால் மூன்றாம் நாளிலிருந்து புளிப்பு ஏறிவிடும்.

அதனால் அரைத்த உடனே இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு பாதியில் உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வைக்கிறோம். மறுபாதியை உப்புப் போடாமல், புளிக்கவிடாமல் நேராக ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டாம் நாள் சாயங்காலம் வெளியே எடுத்து உப்புச் சேர்க்கிறோம். மூன்றாம் நாள் காலை அது புதுமாவு. ஓசூர் வட்டாரம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், மார்கழி தையில் மாவு எட்டு மணி நேரத்தில் பொங்காது. பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் பிடிக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவு என்றால் குளிர் விடவே இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள்.

சட்னி மீந்ததற்குக் காரணம் கையல்ல, ஜார். பெரிய ஜாரில் நாலு ஸ்பூன் தேங்காய் பிளேடுக்கே எட்டாது. அரைபடுவதற்காகவே அம்மா அரை மூடி போட்டு வந்தார். சின்ன ஜாரில் 3 மேசைக்கரண்டி தேங்காய், 1 மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, ஒரு பச்சை மிளகாய் போதும். ஒரு தேங்காயைத் துருவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்து ஃபிரீசரில் போட்டுவிட்டால் மீதி மூடி வழவழத்துப் போகும் பேச்சே இல்லை.

சந்தையில் கை அடக்கம்

எங்கள் ஊரைச் சுற்றி விளையாத காய்கறி குறைவு. ராயக்கோட்டை தக்காளிக்குப் பேர்போனது. விலை சரிந்தால் ‘பெட்டியோட எடுத்துக்கோங்க’ என்பார்கள். அப்பா எடுத்துவிடுவார். இப்போது அப்பாவின் பையில் ஒரு சீட்டு இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு வேளைக்குக் காய் கால் கிலோ. அதில் குழம்புக்குப் பாதி, பொரியலுக்குப் பாதி. வாரத்துக்கு ஐந்து விதம் எடுத்தால் போதும்.

கூடவே, வெட்டி விற்பதையும் ஒன்றே ஒன்றாக வாங்கக்கூடியதையும் தேர்ந்தெடுக்கிறார். ஒரு சௌசௌ 300 கிராம் இருக்கும். இரண்டு நாளில் இரண்டு விதமாகச் செய்யலாம். முழு முட்டைக்கோஸ் வாங்கினால் சின்னதாகப் பார்த்து வாங்கி, நடுவில் வெட்டாமல் மேலிருந்து இதழ் இதழாக உரித்து எடுத்தால் மீதி வாடாது. சமைக்கும் வரிசையும் முக்கியம். கீரை வாங்கிய அன்றே. கத்தரி, வெண்டை, பீன்ஸ் அடுத்த மூன்று நாளுக்குள். கேரட், கோஸ், சௌசௌ வாரக் கடைசிக்கு. உருளை, சேனை, வெங்காயம் எப்போது வேண்டுமானாலும்.

மீந்தே தீரும் நாளில்

எவ்வளவு கணக்குப் பார்த்தாலும் சில நாள் மீறும். அப்போது செய்ய வேண்டியதை, ஆஸ்பத்திரி அனுபவத்துக்குப் பிறகு அம்மா மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்றொரு கிருமி உண்டு. அதன் விதைகள் கொதித்தாலும் சாவதில்லை. சோறு வெளியில் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் இருந்தால் அவை முளைத்துப் பெருகி விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் திரும்பச் சூடு பண்ணினாலும், தாளித்துப் புரட்டினாலும் போகாது. சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரலாம். முக்கியமான விஷயம், இதை மோந்து பார்த்தோ ருசி பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது. “நல்லாத்தானே இருக்கு” என்பது சோதனையே அல்ல. வயதானவர்களையும் சர்க்கரைக்காரர்களையும் இது அதிகம் படுத்தும்.

ஆகவே மீந்த சோற்றைப் பானையோடு விட்டுவைக்காமல், தட்டையான டப்பாவில் பரப்பி ஆறவிட்டு, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். மறுநாள் மதியத்துக்குள் சாப்பிட வேண்டும். தேவையானதை மட்டும் எடுத்து, ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி உள்ளே வைக்கக் கூடாது. நாலு மணி நேரத்துக்குமேல் கரண்ட் போயிருந்தால், சமைத்த பண்டம் எதுவானாலும் யோசிக்காமல் கொட்டிவிடுவது நல்லது. டப்பா மூடியில் ஒட்டுத்தாளில் தேதி எழுதுவது அப்பாவின் வேலை.

யாராவது வந்துவிட்டால்?

அளவைக் குறைக்க அம்மா கடைசிவரை தயங்கியதற்கு ருசி மட்டும் காரணம் இல்லை. “பானையில ஒரு பிடியாவது மிச்சம் இருக்கணும். வாசல்ல ஒருத்தர் வந்து நின்னா என்ன போடுறது?” என்றார். சின்ன ஆழாக்கில் அரிசி அளப்பதே வீட்டுக்கு ஆகாது என்பது போல ஒரு கலக்கம்.

வருகிறவருக்கான ஒரு பிடியைச் சமைத்து வைக்க வேண்டியதில்லை, சமைக்காமல் வைத்தால் போதும் என்று முடிவானது. அதற்கென்று ஓர் அடுக்கு ஒதுக்கினோம். வறுத்த ரவை, அவல், சேமியா, அப்பளம், முட்டை, ஒரு பாட்டில் தக்காளித் தொக்கு, ஃபிரீசரில் தேங்காய்ப் பொட்டலம். யார் வந்தாலும் கால் மணி நேரத்தில் சூடாகப் போடலாம். யாரும் வராவிட்டால் எதுவும் கெடாது. இதற்குப் பிறகுதான் அம்மா ஆழாக்கை முழு மனதோடு கையில் எடுத்தார்.

ஒரு வார மெனு (இரண்டு பேருக்கு)

சந்தைக்குப் போய்வந்த மறுநாளை முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி மாவு அரைத்தாயிற்று.

நாள் 1: காலை 7 இட்லி, கொத்தமல்லிச் சட்னி. மதியம் 2 களி, கீரை பஸ்ஸாரு, பல்யா. இரவு 5 தோசை, மதியச் சாறில் மீதி.

நாள் 2: காலை அரைக் கப் ரவையில் உப்புமா. மதியம் சோறு, கத்தரிக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல். அரைக் கப் பருப்பு வேகவைத்துப் பாதியை எடுத்து வைக்கவும். இரவு 4 சப்பாத்தி, தக்காளித் தொக்கு. சாயங்காலம் மறுபாதி மாவை வெளியே எடுக்கவும்.

நாள் 3: காலை 5 தோசை, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, எடுத்து வைத்த பருப்பில் தக்காளி ரசம், வெண்டைக்காய் வதக்கல். இரவு கோதுமை ரவைக் கஞ்சி, ஒரு துவையல். கொள்ளு ஊறப்போடவும்.

நாள் 4: காலை மீதி மாவில் வெங்காய ஊத்தப்பம். மதியம் 2 களி, கொள்ளுச் சாறு, கொள்ளுப் பல்யா. இரவு அவல் உப்புமா.

நாள் 5: காலை கேழ்வரகுக் கூழ், மோர். மதியம் சோறு, பாதி சௌசௌவில் மோர்க்குழம்பு, உருளை வறுவல். இரவு சப்பாத்தி, மீதி சௌசௌவில் கூட்டு.

நாள் 6: காலை அரைக் கப் அரிசி ரவை உப்புமா. மதியம் சோறு, 250 கிராம் கோழியில் குழம்பு, ரசம். சைவம் என்றால் பட்டாணிக் குருமா. இரவு சப்பாத்தி, மதியக் குழம்பில் மீதி.

நாள் 7: காலை சேமியா உப்புமா. மதியம் அரைக் கப் அரிசி, கால் கப் பருப்பு, கூடையில் மீந்திருக்கும் காய் எல்லாம் போட்டு பிசிபேளா பாத். இரவு பால், பழம், இரண்டு தோசை அளவுக்கு ஏதாவது. அரிசி, உளுந்து ஊறப்போட்டு ராத்திரி அரைக்கவும்.

ஏழாம் நாள் மதியம் காய்க் கூடையைக் காலி பண்ணும் நாள். அன்றைக்குக் கூடையில் அதிகம் மிஞ்சினால், அடுத்த சந்தைச் சீட்டில் அந்தக் காயின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

சர்க்கரைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். களி, கூழ் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற எண்ணம் ஊரில் உண்டு. கேழ்வரகும் மாவுச்சத்துதான். அப்பாவின் டாக்டர் சொன்ன கணக்கு, ஒரு வேளைக்கு ஒரு உருண்டை, பக்கத்தில் தாராளமாகப் பருப்பும் கீரையும். உங்களுக்கான அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது டைரி எழுதுவதை அப்பா நிறுத்திவிட்டார்; எழுத ஒன்றும் இல்லை என்கிறார். வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ ஒரு கிண்ணம் மீறுகிறது. ராத்திரி மீதிச் சோறு இல்லாததால் அவர் தட்டும் தானாக அளவுக்கு வந்துவிட்டது.

போன பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அம்மா பரணிலிருந்து பெரிய குக்கரை இறக்கி, துடைத்து, 5 ஆழாக்கு அரிசியைத் தலை தட்டி அளந்து போட்டார். நாங்கள் கிளம்பிய மறுநாள் போன் பண்ணினால், “பெரிய குக்கரைக் கழுவிப் பரண்ல போட்டுட்டேன்” என்றார். “அது கீழே இருந்தா கை தானா அதுக்குத்தான் போகுது.”